255-லிருந்து 388: டெஸ்டோஸ்டிரோனை ஏற்றியது மாத்திரையா, காலை எட்டு மணியா?

இந்த ஆய்வில் வரும் இருவரும் தனித்த நபர்கள் அல்லர். ஹார்மோன் சிகிச்சைப் பிரிவுக்கு அடிக்கடி வந்து சேரும் இரண்டு வகை ஆண்களின் கதைகளைக் கோத்து அமைத்த மாதிரிகள். பரிசோதனை எண்களும் அப்படித்தான். சுட்டிக்காட்டும் மருத்துவ ஆய்வுகள் மட்டும் உண்மையில் நடந்து வெளியானவை.

முதலாமவருக்கு வயது 38. உட்கார்ந்து செய்யும் வேலை. ஓராண்டாக ஓயாத அசதி, தாம்பத்தியத்தில் நாட்டக் குறைவு. காலையில் எழும்போது இருக்கும் விறைப்பும் முன்போல் இல்லை. மருத்துவரைப் பார்க்காமல் தானாகவே ஒரு ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தார். மொத்த டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 255 நானோகிராம் என்று வந்தது. அறிக்கையில் 'குறைவு' என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. அன்றே மூன்று சப்ளிமென்ட் வாங்கினார். ஒன்று துத்தநாகம், மக்னீசியம், வைட்டமின் பி6 மூன்றும் சேர்ந்த இசட்.எம்.ஏ. என்னும் கலவை. அதில் துத்தநாகம் 30 மி.கி., மக்னீசியம் 450 மி.கி. இரண்டாவது தனியாக 50 மி.கி. துத்தநாக மாத்திரை. மூன்றாவது தினம் 5000 ஐ.யூ. வைட்டமின் டி.

பத்து வாரம் கழித்து மறுபடி பரிசோதித்தார். எண் 388. இரண்டு அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு வந்தவரின் முதல் வார்த்தையே, "மாத்திரை நல்லா வேலை செய்யுது டாக்டர். இன்னும் எவ்வளவு நாள் சாப்பிடலாம்?" என்பதுதான். அசதி குறைந்ததா என்று கேட்டால், கொஞ்சம் தயங்கி, பெரிதாக இல்லை என்றார். எண் பாதிக்கு மேல் ஏறியும் உடல் அப்படியே இருந்தது. விசாரிக்க வேண்டிய இடம் அதுதான்.

முதல் அறிக்கை எப்படி எடுத்தது?

அறிக்கையின் மூலையில் ரத்தம் எடுத்த நேரம் அச்சாகியிருந்தது: மாலை 4.10. மதியச் சாப்பாடு தாமதமாகி, மூன்று மணிக்குச் சாப்பிட்டிருந்தார். அதற்கு முந்தைய வாரம் காய்ச்சலில் படுத்திருந்தார். இரண்டாவது அறிக்கையில் நேரம் காலை 7.50. வெறும் வயிறு, உடம்பும் நலம்.

டெஸ்டோஸ்டிரோன் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. விடிகாலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கிவிடும். முப்பதுகளில் உள்ள ஆண்களில் மாலை நான்கு மணி அளவு, காலை எட்டு மணி அளவைவிட 20 முதல் 25 சதவீதம் குறைவாக இருக்கும். எழுபது வயதில் இந்த வேறுபாடு 10 சதவீதம் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. உணவும் இதைத் தணிக்கும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்த ஆண்களில் அடுத்த இரண்டு மணி நேரத்தில் அளவு சராசரியாகக் கால் பங்கு சரிந்தது. காய்ச்சல் போன்ற திடீர் நோயும் சில நாட்களுக்கு அதைக் கீழே இழுத்துவிடும்.

இனி கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அவருடைய உண்மையான காலை அளவு 388 என்றே வைப்போம். மாலை நேரத்துக்காக 22 சதவீதம் கழித்தால் 303 வரும். சாப்பிட்டதற்காக, ஆய்வில் கண்ட சரிவைவிடக் குறைத்தே, 15 சதவீதம் கழித்தால் 257. முதல் அறிக்கையில் இருந்தது 255. காய்ச்சலைக் கணக்கில் சேர்க்காமலேயே எண் பொருந்திவிட்டது. அவர் ஒரு மாத்திரைகூட விழுங்காமல் இரண்டாவது முறை காலையில் போய் ரத்தம் கொடுத்திருந்தாலும் இதே 388-தான் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதனால்தான் ஒரே ஒரு எண்ணை வைத்து டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு என்று முடிவு கட்டக்கூடாது என்று எல்லா மருத்துவ வழிகாட்டுதல்களும் வற்புறுத்துகின்றன. காலையில், வெறும் வயிற்றில், உடல் நலமாக இருக்கும் இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்த இரண்டு முடிவுகளும் குறைந்திருக்க வேண்டும். அறிகுறிகளும் கூடவே இருக்க வேண்டும். அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் 300-க்குக் கீழ் என்று கோடு போடுகிறது. பருமனில்லாத இளம் ஆண்களை வைத்து வகுத்த இயல்பு எல்லை 264 முதல் 916 வரை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒருவர் ரத்தம் கொடுப்பதே உடம்பு மோசமாக இருக்கும் நாளில்தான். ஏறி இறங்கும் எந்த அளவையும் அது தாழ்ந்திருக்கும் நாளில் பிடித்தால், அடுத்த முறை அது தானாகவே மேலே வந்திருக்கும். இடையில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். சப்ளிமென்ட் பற்றி உற்சாகமாகப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவர்களிடம் உண்மையிலேயே இரண்டு அறிக்கைகள் இருக்கின்றன. அவை இரண்டும் ஒரே சூழலில் எடுத்தவை அல்ல, அவ்வளவுதான்.

முடி, நகத்துக்கென்று விற்கும் மாத்திரைகளில் உள்ள பயோட்டின் வேறொரு விதத்தில் ஏமாற்றும். சில ஆய்வகக் கருவிகள் பயோட்டினைப் பிடிமானமாக வைத்தே டெஸ்டோஸ்டிரோனை அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிறைய மிதந்தால் அந்தக் கருவி டெஸ்டோஸ்டிரோனை இருப்பதைவிட அதிகமாகக் காட்டிவிடும். நம்மவர் அதைச் சாப்பிடவில்லை. ஆனாலும் கேட்டு உறுதி செய்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

நிறுத்திப் பார்த்தது

அவரிடம் எதையும் வாதாடவில்லை. மூன்றையும் நிறுத்திவிட்டு 12 வாரம் கழித்து, காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் கொடுக்கச் சொன்னதோடு சரி. வைட்டமின் டி ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆகவே 12 வாரத்தில் மாத்திரையால் வந்தது பெரும்பாலும் கரைந்திருக்கும். முடிவுகள்: 379, 401. மாத்திரையோடு 388 இருந்தவருக்கு மாத்திரை இல்லாமலும் அதே நிலைதான்.

ஆனால் 390 சுற்றிய எண்ணும் 38 வயதுக்குச் சற்றுத் தாழ்வுதானே என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி ரத்தத்தில் தனியாக ஓடுவதில்லை. எஸ்.எச்.பி.ஜி. என்னும் புரதம் ஒரு பங்கை இறுகப் பிடித்திருக்கும். அல்புமின் இன்னொரு பங்கைத் தளர்வாகப் பிடித்திருக்கும். எஞ்சிய சிறு துளியே கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன். உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் உள்ளவர்களில் எஸ்.எச்.பி.ஜி. குறைந்துவிடும். அதனால் மொத்த அளவும் குறைவாகத் தெரியும். கட்டற்ற பங்கு பாதிக்கப்படாமல் இருக்கலாம். இவருக்கு எடை-உயரக் குறியீடு 31. எஸ்.எச்.பி.ஜி. லிட்டருக்கு 17 நானோமோல், அதாவது தாழ்வு. அல்புமின் 4.4. இவற்றை வைத்துக் கணக்கிட்டால் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் மில்லிலிட்டருக்குச் சுமார் 107 பிகோகிராம் வருகிறது. குறைபாடு என்று ஐயப்படுவதே 65-க்குக் கீழ் போகும்போதுதான். விரைகளைத் தூண்டும் எல்.எச். ஹார்மோனும் புரோலாக்டினும் இயல்பாகவே இருந்தன.

அப்படியானால் அசதி எங்கிருந்து வந்தது? மனைவியிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. இரவில் பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவது. உறக்கப் பரிசோதனையில் தூக்க மூச்சுத்தடை உறுதியானது. 2011-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்க விட்டபோது பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. மூச்சுக் கருவி போட்டதும் அவருடைய பகல் தூக்கமும் அசதியும் குறைந்தன. அந்தக் கருவி மட்டுமே டெஸ்டோஸ்டிரோனை ஏற்றும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. அதையும் அவரிடம் சொல்லிவிட்டோம். எண்ணை ஏற்றக்கூடியது எடைக் குறைப்பு. உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைந்த ஆண்களின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியாகச் சுமார் 80 நானோகிராம் ஏற்றம் தெரிந்தது. இந்தச் சத்துகள் ஏற்கெனவே போதிய அளவு இருக்கும் உடலில், இந்த மூன்று சப்ளிமென்ட்டில் எதுவும் அந்த அளவைத் தொட்டதில்லை.

அவர் விழுங்கியதில் தீங்கும் இருந்தது. தினம் 80 மி.கி. துத்தநாகம். வயது வந்த ஆணுக்குத் தேவை 11 மி.கி., மேல் எல்லை 40. குடல் சுவரில் அதிகத் துத்தநாகம் ஒரு புரதத்தைத் தூண்டிவிடும். அந்தப் புரதம் தாமிரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றிவிடும். பல மாதம் தொடர்ந்தால் ரத்தசோகை, வெள்ளணுக் குறைவு, கடைசியில் தண்டுவடப் பாதிப்பால் கால் மரத்து நடை தள்ளாடுவது வரை போகும். இவர் பத்து வாரத்திலேயே வந்துவிட்டதால் தாமிரம் இயல்பின் கீழ் விளிம்பில் நின்றது. மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து இருந்த வயிற்றுப்போக்கு மக்னீசியத்தால் வந்தது. நிறுத்தியதும் நின்றுவிட்டது.

ஆய்வுகள் ஏன் முரண்படுகின்றன?

மூன்றுக்கும் ஆதரவாகக் காட்ட ஆளுக்கொரு ஆய்வு உண்டு. எல்லாம் உண்மையான ஆய்வுகள். யாரை வைத்து நடத்தினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

துத்தநாகத்தின் கதை 1958-இல் ஈரானின் ஷிராசில் தொடங்குகிறது. ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் அங்கே, வளர்ச்சி குன்றி, பருவமடையாமல், விரைகள் சிறுத்திருந்த இளைஞர்களைப் பார்த்தார். பிறகு எகிப்திலும் அதையே கண்டு, துத்தநாகக் குறைபாடு என்று நிறுவினார். 1996-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வைத்தான் இன்றைய விளம்பரங்கள் காட்டுகின்றன. இளைஞர்களின் உணவில் துத்தநாகத்தை 20 வாரம் கட்டுப்படுத்தியபோது டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 39.9-லிருந்து 10.6 நானோமோலாகச் சரிந்தது. லேசான குறைபாடு இருந்த முதியவர்களுக்கு ஆறு மாதம் துத்தநாகம் கொடுத்தபோது 8.3-லிருந்து 16-க்கு ஏறியது. இரண்டாவது எண் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆனால் இரு குழுக்களும் மிகச் சிறியவை. அதைவிட முக்கியம், இருவரிடமும் பற்றாக்குறை இருந்தது. ஒருவருக்கு ஆய்வாளரே உண்டாக்கியது, மற்றவருக்கு ஏற்கெனவே இருந்தது.

பற்றாக்குறை இல்லாதவர்களிடம் என்ன நடக்கிறது? 2004-இல் பளு தூக்கிப் பயிற்சி செய்யும் 42 ஆண்களுக்கு எட்டு வாரம் இசட்.எம்.ஏ. கொடுத்துப் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோனும் ஏறவில்லை, வலிமையும் கூடவில்லை. 2009-இல் போதிய துத்தநாகம் உண்ணும் ஆண்களிடம் அதே கலவையைச் சோதித்தபோது, ரத்தத்தில் துத்தநாகம் கூடியது, சிறுநீரிலும் கூடியது, டெஸ்டோஸ்டிரோன் அசையவில்லை. 2000-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடம் ஏற்றம் கண்டதாகச் சொன்ன ஆய்வின் இணை ஆசிரியர் அந்தக் கலவையை விற்ற நிறுவனத்தின் உரிமையாளர். நிரம்பிய குடத்தில் ஊற்றிய நீர் வெளியே வழிவதைப் போலத்தான் இது.

வைட்டமின் டி விஷயத்தில் ஒரு திருப்பம் உண்டு. அது குறைந்த ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோனும் குறைவாக இருப்பதைப் பெரிய கணக்கெடுப்புகள் காட்டின. விரையின் செல்களில் வைட்டமின் டி-க்கான ஏற்பிகளும் உள்ளன. 2011-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் குழுவினர், எடை குறைக்க வந்த 54 ஆண்களை ஆராய்ந்து, ஓராண்டு தினம் 3332 ஐ.யூ. எடுத்தவர்களுக்கு 10.7-லிருந்து 13.4 நானோமோலாக ஏறியது என்றனர். உலகம் முழுக்கப் பரவியது இந்த ஆய்வுதான். ஆனால் அந்தச் சோதனை டெஸ்டோஸ்டிரோனை அளக்கவென்று வடிவமைத்ததல்ல. அதே கிராட்ஸ் நகரில் அதற்காகவே இரண்டு சோதனைகளைப் பிறகு நடத்தினார்கள். தலா சுமார் நூறு ஆண்கள், வாரம் 20,000 ஐ.யூ., 12 வாரம். ஒன்றில் டெஸ்டோஸ்டிரோன் இயல்பாக இருந்தவர்கள், மற்றொன்றில் குறைந்திருந்தவர்கள். வைட்டமின் டி உயர்ந்தது, டெஸ்டோஸ்டிரோன் இரண்டிலும் ஏறவில்லை. நம்பிக்கையைக் கிளப்பிய இடத்திலிருந்தே அதை மறுக்கும் முடிவு வந்தது என்பதால் இதற்கு நான் அதிக எடை கொடுக்கிறேன். வைட்டமின் டி குறைந்தால் எலும்புக்காகக் கட்டாயம் ஈடுகட்டுங்கள். டெஸ்டோஸ்டிரோனுக்காக என்றால் வேண்டாம். பருமனும் வெயில் படாத வாழ்க்கையும் இரண்டையுமே தாழ்த்துவதால்தான் அவை சேர்ந்தே குறைந்து தெரிகின்றன என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மக்னீசியத்துக்கு ஆதாரம் இன்னும் மெலிந்தது. நான்கு வாரம் எடை கிலோவுக்கு 10 மி.கி. கொடுத்த ஒரு சிறு ஆய்வில் ஏற்றம் தெரிந்தது, உடற்பயிற்சியும் செய்தவர்களிடம் அதிகம். அதைப் பெரிய அளவில் உறுதிப்படுத்திய சோதனை இல்லை.

பலன் பெற்றவர்

இரண்டாமவர் வயது 52. குடல் அழற்சி நோயால் சிறுகுடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். நோய் அடங்கி ஓராண்டு ஆகியிருந்தது, ஸ்டீராய்டு மாத்திரையும் நின்றுவிட்டது. ஆனால் தினம் நான்கைந்து முறை தண்ணீராகப் போவது நிற்கவில்லை. அமில வாயுவுக்கு ஆண்டுக்கணக்கில் ஒமிப்ரசோல் சாப்பிட்டுவந்தார். வந்த காரணம் ஆண்மைக் குறைவு அல்ல. உணவில் ருசி தெரியவில்லை, காலில் பட்ட சிறு காயம் வாரக்கணக்கில் ஆறவில்லை, வாயோரத்திலும் விரல்களிலும் செதில் செதிலாகப் புண். நாட்டக் குறைவைக் கேட்ட பிறகுதான் சொன்னார்.

பழைய அறிக்கைகளில் ஒரு துப்பு கிடந்தது. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் தொடர்ந்து இயல்புக்குக் கீழே இருந்தது. இந்த நொதி வேலை செய்யத் துத்தநாகம் வேண்டும். எனவே அது தாழ்ந்திருந்தால் துத்தநாகத்தைத் தேட வேண்டும். காலை வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் துத்தநாகம் டெசிலிட்டருக்கு 46 மைக்ரோகிராம். 70-க்குக் கீழ் என்றாலே குறைவு. இந்தச் சோதனை எளிதில் தவறும். உடலில் அழற்சி இருந்தால் துத்தநாகம் ஈரலுக்குள் ஒதுங்கி ரத்தத்தில் குறைந்து தெரியும், அல்புமின் குறைந்தாலும் குறையும். ரத்த அணுக்கள் உடைந்த மாதிரியில் போலியாகக் கூடும். ஆகவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.-யும் அல்புமினும் கூடவே பார்த்தோம், இரண்டும் இயல்பு. குறைவு உண்மையானதுதான். மக்னீசியம் 1.3 மி.கி., இயல்பின் கீழ் எல்லையான 1.7-க்கு வெகு கீழே. ஒமிப்ரசோல் வகை மருந்துகளை நெடுநாள் எடுத்தால் மக்னீசியம் குறையும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இலேயே எச்சரித்திருக்கிறது. வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம், அதுவும் மிகக் குறைவு. டெஸ்டோஸ்டிரோன் இரண்டு காலைகளில் 238, 226. எல்.எச். இயல்பின் மேல் விளிம்பில் இருந்தது. மூளை ஆணையிடுகிறது, விரையால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பதற்கு இது அடையாளம்.

ஹார்மோன் ஊசியை யாரும் எழுதவில்லை. தினம் 30 மி.கி. துத்தநாகம், அதோடு தாமிரம் 2 மி.கி. இதில் வாங்குகிறவர்கள் தவறவிடும் ஒரு விவரம் உண்டு. டப்பாவில் அச்சிட்டிருப்பது உப்பின் எடையா, அதிலுள்ள துத்தநாகத்தின் எடையா என்று பார்க்க வேண்டும். துத்தநாக குளுக்கோனேட் 100 மி.கி. என்றால் உள்ளே இருப்பது சுமார் 14 மி.கி. துத்தநாகம்தான். சிறுநீரகம் நன்றாக இருப்பதை உறுதி செய்த பின்பே மக்னீசியம் தொடங்கினோம். அது பழுதானவர்களிடம் மக்னீசியம் தேங்கி இதயத்துடிப்பையே குலைத்துவிடும். ஒமிப்ரசோலை மாற்றினோம். எலும்புக்காக வைட்டமின் டி. வயிற்றுப்போக்குக்குத் தனி சிகிச்சை, ஏனென்றால் துத்தநாகம் போய்க்கொண்டே இருந்த வழி அதுதான்.

ஆறு வாரத்தில் ருசி திரும்பியது, புண்கள் உலர்ந்தன. ஆறு மாதத்தில் துத்தநாகம் 84, டெஸ்டோஸ்டிரோன் 338, 352. முன்னதைப் போலவே காலை நேரம், வெறும் வயிறு, இரண்டு நாட்கள். எல்.எச். நடுவளவுக்கு இறங்கியது. இந்த ஏற்றம் முழுவதும் துத்தநாகத்தால் என்று சொல்ல மாட்டேன். மூன்றையும் ஒன்றாகச் சரிசெய்தோம், உடல் தேறியதும் ஒரு பங்கு. ஆனால் அவருக்கு அந்த மூன்றும் டெஸ்டோஸ்டிரோன் என்ற பேச்சே இல்லாவிட்டாலும் தேவைப்பட்டவை.

முதலாமவரைப் போன்றவரையும் இரண்டாமவரைப் போன்றவரையும் பிரிப்பது டெஸ்டோஸ்டிரோன் எண் அல்ல, குறைபாடு வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறதா என்பதே. குடலை வெட்டியவர்கள், பருமனுக்காக இரைப்பை அறுவை செய்தவர்கள், நெடுநாள் வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், மிகையாக மது அருந்துகிறவர்கள், ஈரல் நோயாளிகள், ரத்த அழுத்தத்துக்கு தயசைடு வகை நீர்மாத்திரை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள், தானியமும் பருப்புமே உணவாக இருந்து அவற்றிலுள்ள ஃபைட்டேட் துத்தநாகத்தைக் கட்டிவிடுகிறவர்கள். இவர்கள் அளந்து பார்க்க வேண்டும், குறைந்தால் ஈடுகட்ட வேண்டும். இந்தக் காரணம் எதுவும் இல்லாமல், பலவகை உணவும் சாப்பிட்டு, டெஸ்டோஸ்டிரோனுக்காக மட்டும் இவற்றை வாங்குகிறவரின் பணம் வீண்.

மாத்திரை தேவைப்படுகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. துத்தநாகமும் மக்னீசியமும் தைராய்டு மாத்திரையையும், சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகளையும் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஆன்டிபயாடிக் எடுக்கும் நாட்களில் எந்த இடைவெளி என்பதை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுக்கொள்ளலாம். இரண்டாமவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை துத்தநாகமும் தாமிரமும் சேர்த்தே அளக்கிறார்கள். வயிற்றுப்போக்கு குறைந்ததால் அளவை 15 மி.கி.-க்கு இறக்கியாயிற்று.